விறகா, நிலக்கரியா: பேக்கரி ஓவனுக்கு எது மலிவு என்று கலோரி மதிப்பை வைத்துக் கண்டுபிடிப்பது எப்படி

விறகு கிலோ 6 ரூபாய், நிலக்கரி கிலோ ஒன்பதரை ரூபாய். ஆனால் நிலக்கரியில் சூடு அதிகம், அதனால் அதுதான் லாபம் என்று வியாபாரி சொல்வார். சில நேரம் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் அவர் காட்டும் சூட்டுக் கணக்கும் உங்கள் ஓவன் வாயில் வந்து சேரும் சூடும் ஒன்றல்ல. நடுவில் ஈரம் இருக்கிறது, தூள் இருக்கிறது, ஓவனின் அமைப்பு இருக்கிறது.

கீழே உள்ள படிகளை வரிசை மாற்றாமல் செய்யுங்கள். பெரும்பாலானவர்கள் ஆறாவது படியில் ஆரம்பிக்கிறார்கள். கணக்குத் தப்புவது அங்கேதான். உதாரணத்துக்குத் தென்மாவட்ட பேக்கரி ஒன்றை எடுத்துக்கொள்கிறேன்: எரிப்பது சீமைக்கருவேல விறகு, மாற்றாகப் பேசப்படுவது தூத்துக்குடித் துறைமுகம் வழியாக வரும் இந்தோனேசிய நிலக்கரி. விலைகள் கணக்கு புரிவதற்காகப் போட்டவை. அந்த இடத்தில் உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

## 1. முதலில் ஓவனைப் பாருங்கள்

உங்கள் ஓவனில் நெருப்பு எங்கே எரிகிறது? பன் வேகும் அதே அறைக்குள் விறகைப் போட்டு எரித்து, தணலை ஒதுக்கிவிட்டு டிரே ஏற்றுகிறீர்களா? அப்படியென்றால் நிலக்கரிப் பேச்சை இங்கேயே விட்டுவிடுங்கள். நிலக்கரிப் புகையில் கந்தகம் உண்டு, சாம்பலில் கன உலோகங்கள் இருக்கலாம். அந்தச் செங்கல் தளத்தில் ரொட்டியை வைக்கக் கூடாது. எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் இதில் மாற்றமில்லை.

நெருப்பு தனி அறையில் எரிந்து, புகை தனிக் குழாய் வழியாக வெளியேறி, சூடு மட்டும் சுவர் வழியாக உள்ளே வருகிற ஓவன்தான் இந்த ஒப்பீட்டுக்குப் பொருந்தும். அதிலும் எரியறையின் அடியில் இரும்புச் சட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். விறகு தரையில் கிடந்தே எரிந்துவிடும். நிலக்கரிக்கு அடியிலிருந்து காற்று ஏற வேண்டும். சட்டம் இல்லாமல் கொட்டினால் மேலே எரிந்து அடியில் கறுப்பாகவே கிடக்கும்.

இன்னொன்று, அனுமதி. டெல்லி தலைநகர் வட்டாரத்தில் 2023 ஜனவரி முதல் தொழிற்கூடங்களில் நிலக்கரிக்குத் தடை வந்தது. மும்பையில் விறகும் கரியும் எரிக்கும் பேக்கரிகள் வேறு எரிபொருளுக்கு மாற வேண்டும் என்று 2025-இல் உயர் நீதிமன்றம் கெடு வைத்தது. உங்கள் ஊரில் என்ன நிலை என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் கேட்டுவிட்டு மேலே போங்கள். லோடு இறக்கிய பிறகு கேட்பதில் பயனில்லை.

## 2. கையில் வேண்டியவை

பெரிதாக எதுவும் வாங்க வேண்டாம். ஈஸ்ட் நிறுக்கும் சின்னத் தராசு (ஒரு கிராம் துல்லியம் போதும்), மூட்டை நிறுக்கும் பெரிய தராசு, கைவாள், வாய் மூடும் பிளாஸ்டிக் கவர்கள், ஓவனுக்குள் வைக்கக்கூடிய வெப்பமானி ஒன்று. ஓவன் கதவில் இருக்கும் வட்ட மீட்டரை நம்ப வேண்டாம். பழைய ஓவன்களில் அது பெரும்பாலும் அழகுக்குத்தான்.

காகிதங்கள் இரண்டு வேண்டும்: விறகு லோடின் எடை மேடைச் சீட்டு, நிலக்கரியின் ஆய்வறிக்கை. அறிக்கை தர முடியாது என்று சொல்கிற வியாபாரியிடம் கணக்கே போட முடியாது.

## 3. விறகின் ஈரத்தை அளப்பது

விறகு விஷயத்தில் எல்லோரும் மரத்தின் பெயரைக் கேட்கிறார்கள். சவுக்கா, கருவேலமா, புளியா, தைல மரமா என்று. முழுக்கக் காய்ந்த நிலையில் ஒரு கிலோவுக்கு இவற்றுக்குள் வித்தியாசம் குறைவுதான். எல்லாமே 4,400 கிலோகலோரியை ஒட்டித்தான் நிகரச் சூடு தரும், அதாவது நீராவியோடு புகைபோக்கியில் போவதைக் கழித்த சூடு. கருவேலம் நின்று எரிவதும் தைல மரம் சடசடவென்று தீர்வதும் அடர்த்தியால் வருவது. எடை போட்டு வாங்கும்போது விலையைத் தீர்மானிப்பது ஈரம்.

லோடில் மேலே, நடுவே, அடியில் என்று வெவ்வேறு இடத்திலிருந்து நான்கைந்து கட்டைகளை எடுங்கள். தடித்ததும் மெலிந்ததும் கலந்து இருக்கட்டும். ஒவ்வொன்றையும் நடுவில் அறுங்கள். நுனியில் அறுத்தால் ஈரம் குறைவாகக் காட்டும், ஏனென்றால் கட்டை நுனி வழியாகத்தான் வேகமாகக் காய்கிறது. பட்டையிலிருந்து மறுபக்கப் பட்டை வரை முழுக்க அறுத்து, விழும் தூளைக் கீழே விரித்த தாளில் சேர்த்து, உடனே கவரில் போட்டு மூடுங்கள். மின்வாள் வேண்டாம், அதன் சூட்டிலேயே தூள் பாதி காய்ந்துவிடும்.

எல்லாத் தூளையும் கலந்து சரியாக 100 கிராம் நிறுத்து, எடை தெரிந்த டிரேயில் மெல்லப் பரப்புங்கள். கடைசிச் சரக்கு எடுத்த பிறகு ஓவன் சூடு இறங்கி 105 டிகிரி வாக்கில் வரும்போது உள்ளே வையுங்கள், வெப்பமானி பக்கத்தில் இருக்கட்டும். சில மணி நேரம் கழித்து எடுத்து, சூடு ஆறுவதற்குள் நிறுங்கள். கடலோர ஊர்களில் காய்ந்த தூள் காற்றிலிருந்து ஈரத்தை மறுபடி இழுத்துக்கொள்ளும். திரும்ப ஒரு மணி நேரம் வைத்து நிறுங்கள். அடுத்தடுத்து இரண்டு எடை ஒன்றாக வந்தால் முடிந்தது. 100 கிராம் 80 கிராமாக நின்றால் ஈரம் 20 சதவீதம்.

தூள் பழுப்பாகிப் புகை வாசம் அடித்தால் சூடு அதிகம், மரமே கருக ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அந்தக் கணக்கு ஈரத்தைக் கூட்டிக் காட்டும். கொட்டிவிட்டுப் புதிதாகச் செய்யுங்கள்.

ஊசி குத்தும் ஈரமானி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அது பெரும்பாலும் ஈரத்தைக் காய்ந்த மரத்தின் எடையோடு ஒப்பிட்டுச் சொல்கிறது; நாம் மொத்த எடையோடு ஒப்பிடுகிறோம். மீட்டர் 25 காட்டினால் நம் கணக்கில் அது 20. தவிர, 30-க்கு மேல் காட்டும் எண்ணை நம்ப முடியாது. பச்சை விறகுக்கு அறுத்து நிறுப்பதுதான் வழி.

## 4. ஈரத்திலிருந்து விறகின் சூடு

இதற்கு எளிய சூத்திரம் ஒன்று போதும்:

ஒரு கிலோ விறகின் நிகரச் சூடு = 4,400 − (50 × ஈர சதவீதம்)

20 சதவீத ஈரத்தில் 3,400 கிலோகலோரி. 30-இல் 2,900. 40-இல் 2,400. ஒவ்வொரு சதவீத ஈரமும் ஏன் 50 கிலோகலோரியைத் தின்கிறது? அந்த எடைக்கு மரம் இல்லை, தண்ணீர் இருக்கிறது; அதனால் 44 போகிறது. அந்தத் தண்ணீரை ஆவியாக்க இன்னும் ஆறு போகிறது.

இங்கே ஒரு பெரிய குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். விறகைக் காயப் போட்டால் சூடு 40 சதவீதம் கூடும் என்று சொல்வார்கள். கிலோவுக்குக் கூடும், 2,400-லிருந்து 3,400. ஆனால் 40 சதவீத ஈரத்தில் வாங்கிய ஒரு டன், 20-க்குக் காய்ந்ததும் 750 கிலோதான் நிற்கும். மொத்தச் சூடு 24 லட்சத்திலிருந்து 25.5 லட்சமாகிறது, ஆறு சதவீதம்தான். காய வைப்பதால் புகை குறையும், சுடர் நிற்கும், அரைகுறையாக எரிவது குறையும். அந்த லாபம் தனி. ஆனால் பெரிய பணம் வாங்கும் இடத்தில் போகிறது. பச்சை விறகுக்குக் காய்ந்த விறகின் விலையைக் கொடுத்துவிட்டு, அப்புறம் அதைக் காயப் போட்டு மீட்டுவிடலாம் என்று நினைத்தால் மீளாது.

## 5. நிலக்கரி அறிக்கையை எந்த அடிப்படையில் படிப்பது

புதிதாக வருகிறவர்கள் வழுக்குவது இங்கேதான். ஒரே நிலக்கரிக்கு மூன்று நான்கு கலோரி மதிப்பு இருக்கும், எல்லாமே உண்மை. வியாபாரி அவற்றில் பெரியதைச் சொல்வார்.

அறிக்கையில் மூன்று எண்களைத் தேடுங்கள்: மொத்த ஈரம், காற்றில் உலர்த்திய பிறகும் நிலக்கரிக்குள் தங்கும் உள்ளீரம், மொத்தக் கலோரி மதிப்பு. கலோரி மதிப்புக்குப் பக்கத்தில் ஏ.டி.பி என்று இருந்தால், ஆய்வகத்தில் காற்றில் உலர்த்திய மாதிரிக்கு எடுத்த எண். ஏ.ஆர்.பி என்றாலோ ஜி.ஏ.ஆர் என்றாலோ, வந்து இறங்கிய ஈரத்தோடு எடுத்தது. நீங்கள் காசு கொடுப்பது இரண்டாவதற்கு. ஏ.டி.பி எண் மட்டும் இருந்தால் இப்படி மாற்றலாம்:

வந்த நிலை மதிப்பு = உலர்ந்த நிலை மதிப்பு × (100 − மொத்த ஈரம்) ÷ (100 − உள்ளீரம்)

நம் உதாரணத்தில் வியாபாரி சொன்னது 5,500. அது ஏ.டி.பி. உள்ளீரம் 15, மொத்த ஈரம் 30. ஆக 5,500 × 70 ÷ 85, ஏறத்தாழ 4,530.

இன்னும் முடியவில்லை. இந்த 4,530 மொத்தச் சூடு. எரியும்போது உண்டாகும் நீராவி கொண்டுபோகும் சூட்டையும் சேர்த்தது. அது உங்கள் புகைபோக்கி வழியாகத்தான் போகிறது, ரொட்டிக்கு வராது. விறகுக்கு நாம் எடுத்த 3,400 நிகரச் சூடு. ஒரு பக்கம் மொத்தம், மறுபக்கம் நிகரம் என்று வைத்து ஒப்பிட்டால் நிலக்கரிக்குச் சலுகை கொடுத்த மாதிரி ஆகிவிடும். இந்த அளவு ஈரமுள்ள இந்தோனேசிய நிலக்கரிக்கு 360 வாக்கில் கழிக்கலாம். ஈரம் குறைந்த உள்நாட்டு நிலக்கரிக்கு 200 முதல் 250. நமக்குக் கிடைப்பது 4,170.

வியாபாரி சொன்ன 5,500 எங்கே, அடுப்புக்கு வரும் 4,170 எங்கே. யாரும் பொய் சொல்லவில்லை.

உள்நாட்டு நிலக்கரி வாங்கினால் தரம் ஜி-1 முதல் ஜி-17 வரை எண்ணில் வரும். 2012 முதல் இந்த முறைதான். ஜி-10 என்றால் கிலோவுக்கு 4,300-க்கு மேல் 4,600 வரை. அது ஒரு வரம்பு. கணக்குக்குக் கீழ் எண்ணை எடுங்கள். இவற்றில் சாம்பல் மூன்றில் ஒரு பங்குக்கு மேலேகூட வரும், அதை அள்ளிக் கொட்டும் கூலியும் உங்களுடையது. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி கிடைத்தால் அதில் ஏறத்தாழப் பாதி தண்ணீர் என்பதை மறக்க வேண்டாம்.

## 6. ஓவன் வாய் வரைக்குமான விலை

விறகு டன் 6,000 ரூபாய், பிளந்து அடுக்க 500. ஆக கிலோ 6.50.

நிலக்கரி வாடகை, இறக்குக்கூலி எல்லாம் சேர்த்து டன் 9,500. இதில் தூள் கழிவு உண்டு. சட்டத்தின் இடுக்கு வழியாக விழுந்து எரியாமல் போகும் பொடியை, ஒரு மூட்டையைச் சல்லடையில் சலித்து நிறுத்துப் பாருங்கள். 5 சதவீதம் என்று வைத்தால் 9,500-ஐ 0.95-ஆல் வகுக்க வேண்டும்: டன் 10,000, கிலோ 10 ரூபாய்.

எடை மேடையில் வெறும் வண்டி எடையை உங்கள் ஆள் முன்னால் போடச் சொல்லுங்கள். மழை பெய்த மறுநாள் லோடு எடுக்காதீர்கள். திறந்தவெளிக் குவியலில் நனைந்த நிலக்கரியின் ஈரம் அறிக்கையில் உள்ள 30-ஐத் தாண்டிவிடும், அந்தத் தண்ணீருக்கும் நீங்கள் விலை கொடுப்பீர்கள்.

## 7. ஆயிரம் கிலோகலோரிக்கு எத்தனை ரூபாய்

இப்போது வகுத்தல் மட்டும்தான்.

விறகு: 6.50 ÷ 3.4 = 1.91 ரூபாய்.
நிலக்கரி: 10 ÷ 4.17 = 2.40 ரூபாய்.

விறகு மலிவு. ஆனால் முதல் படிகளைத் தாண்டிக் குதித்து வந்திருந்தால் நிலக்கரிக்கு 9.50 ÷ 5.5 = 1.73 என்று வந்திருக்கும். நிலக்கரிதான் லாபம் என்று முடிவு கட்டியிருப்பீர்கள்.

எதிர்ப்பக்கமும் பாருங்கள். அதே 6.50 விலைக்கு 40 சதவீத ஈர விறகு வந்து இறங்கினால் 6.50 ÷ 2.4 = 2.71. இப்போது நிலக்கரி மலிவு. இரண்டும் சமமாகும் இடம் ஏறத்தாழ 34 சதவீத ஈரம். இந்த ஒரு எண்ணைச் சுவரில் எழுதி வைத்துக்கொண்டால் ஒவ்வொரு லோடு வரும்போதும் முழுக்கணக்குப் போட வேண்டியதில்லை. விறகுத் தூளைக் காயவைத்து நிறுத்துப் பார்த்து, ஈரம் 34-க்கு மேல் போனால் விலையைக் குறைக்கச் சொல்லலாம், இல்லை வண்டியைத் திருப்பி அனுப்பலாம்.

## 8. எரித்துப் பார்ப்பது

காகிதக் கணக்கு எரிபொருளில் உள்ள சூட்டைச் சொல்கிறது. அதில் எவ்வளவு ஓவனுக்குள் போனது, எவ்வளவு புகைபோக்கியில் போனது என்று சொல்லாது. அதற்கு நிறுத்து எரித்துத்தான் பார்க்க வேண்டும். அளவுகோல்: 100 கிலோ மைதாவுக்கு எத்தனை கிலோ எரிபொருள்.

விடுமுறைக்கு அடுத்த நாள் அளக்க வேண்டாம். ஆறிய செங்கலைச் சூடேற்றவே நிறைய எரியும், அது எந்த எரிபொருளின் குற்றமும் இல்லை. தொடர்ந்து ஓடும் வாரத்தில், ஒரே மாதிரிச் சரக்கு போடும் நாட்களில், ஒவ்வொன்றையும் மூன்று நான்கு நாள் எரித்துச் சராசரி எடுங்கள். பன் ஒரு நாள், ரஸ்க் ஒரு நாள் என்று கலந்தால் ஒப்பீடு கெடும். ரஸ்க்குக்கு இரண்டு முறை சூடு வேண்டும். நிலக்கரியைப் பற்றவைக்கப் போடும் விறகையும் நிறுத்து எழுதுங்கள். அதை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

நம் உதாரணத்தில் இப்படி வந்தது என்று வைப்போம்:

விறகு 105 கிலோ × 6.50 = 683 ரூபாய்.
நிலக்கரி 72 கிலோ × 10 = 720; பற்றவைக்க விறகு 8 கிலோ, 52 ரூபாய். மொத்தம் 772.

சூடாகப் பார்த்தால் விறகு 3.57 லட்சம் கிலோகலோரி, நிலக்கரி வழி ஏறத்தாழ 3.27 லட்சம். அதாவது இந்த ஓவனில் நிலக்கரி சூட்டை வீணாக்காமல் எரிந்திருக்கிறது. விறகு போடும்போது கதவு அடிக்கடி திறக்கும், குளிர்காற்று நிறைய உள்ளே போகும். நிலக்கரி ஒருமுறை போட்டால் நின்று எரியும். காகிதத்தில் 26 சதவீதமாக இருந்த வித்தியாசம் எரித்துப் பார்த்தபோது 13 சதவீதமாகக் குறைந்தது இதனால்தான். உங்கள் ஓவனில் இது தலைகீழாகவும் வரலாம்.

எரிக்கும்போது கவனிக்க வேண்டியது சாம்பலை. சாம்பலைக் கிளறினால் கறுப்புத் துண்டுகள் கிடைக்கிறதா? அடிக்காற்று போதவில்லை, அல்லது ஒரே நேரத்தில் கனமாகக் கொட்டியிருக்கிறார்கள். உருகிக் கண்ணாடி போல ஒட்டிய கட்டிகள் வந்தால் சாம்பல் சட்டத்தின் மேல் இளகி இறுகியிருக்கிறது; இடுக்குகள் அடைபட்டு, மறுநாள் இன்னும் அதிக நிலக்கரி கேட்கும். நெருப்பைக் கம்பியால் ஓயாமல் கிளறுவதும் இதற்கு ஒரு காரணம்.

சரக்கையும் பாருங்கள். “அண்ணே, கரி போட்டதிலிருந்து வாய்ப் பக்கத்து டிரே கருகுது, உள்பக்கத்து டிரே வெளுத்தே நிக்குது” என்று மாஸ்டர் சொன்னால் அது சாக்கு இல்லை. விறகின் நீளச் சுடர் புகைப்பாதையின் கடைசி வரை ஓடிச் சூடேற்றும். நிலக்கரி சட்டத்தின் மேலேயே சூட்டைக் குவிக்கும். டிரேயை இடம் மாற்றி அடுக்கியும் சரியாகவில்லை என்றால், கருகிய சரக்கின் விலையையும் நிலக்கரிக் கணக்கில் எழுதுங்கள்.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று. வேலை முடிந்ததும் தணலை மூடி, புகைபோக்கித் தகட்டையும் அடைத்துவிட்டு, சூட்டுக்காக ஓவன் பக்கத்திலேயே படுத்துத் தூங்கும் பழக்கம் பேக்கரிகளில் உண்டு. விறகுத் தணலுக்கே அது ஆபத்து. நிலக்கரித் தணல் இன்னும் நெடுநேரம் கனன்று, வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடைக் கக்கிக்கொண்டிருக்கும். தகட்டை முழுக்க மூடக் கூடாது, அந்த அறையில் யாரும் படுக்கக் கூடாது.

## 9. பேரம் பேசுவதற்கான விலை

எரித்துப் பார்த்த எண்கள் கையில் இருந்தால், நிலக்கரி என்ன விலைக்கு வந்தால் மாறலாம் என்பதைப் பின்னாலிருந்து கணக்கிடலாம். விறகுச் செலவு 683. பற்றவைக்கும் விறகு 52 போக 631. அதை 72-ஆல் வகுத்தால் கிலோ 8.76. தூள் கழிவுக்காக 0.95-ஆல் பெருக்கினால் டன்னுக்கு ஏறத்தாழ 8,300 ரூபாய். இறக்குக்கூலி வரை சேர்த்து அதற்குக் கீழே தருகிறவரிடம்தான் பேச்சு. சட்டம் போட, எரியறையைத் திருத்தச் செலவு உண்டென்றால், கிடைக்கும் மிச்சத்தில் அது எத்தனை மாதத்தில் அடையும் என்றும் பாருங்கள்.

விலை மாறினால் ஆறாம் ஏழாம் படிகளையும் இந்தப் பேர விலையையும் மட்டும் திரும்பப் போட்டால் போதும். நிலக்கரி வேறு சுரங்கத்திலிருந்து வந்தால் ஐந்தாம் படியிலிருந்து எல்லாவற்றையும் போட வேண்டும். விறகுக்கோ, வடகிழக்குப் பருவமழை மாதங்களில் ஒவ்வொரு லோடுக்கும் வாளை எடுங்கள். புரட்டாசியில் 22 காட்டிய அதே வியாபாரியின் விறகு கார்த்திகையில் 35-ஐத் தாண்டலாம், விலை மட்டும் அப்படியே இருக்கும். மழைக்கு முன்பே இரண்டு மாத விறகைக் கூரைக்கடியில், தரையிலிருந்து ஓர் அடி உயர்த்தி அடுக்கி வைக்க இடமிருந்தால், பல பேக்கரிகளுக்கு இந்த ஒப்பீட்டில் விறகே ஜெயிக்கும். இடமில்லாத டவுன் பேக்கரிக்கு அந்த இரண்டு மாதம் மட்டும் நிலக்கரி சரிப்படலாம்.